எழிலிக்கு எலி, ஆதிரைக்குக் குதிரை: பெயரைத் திருகிப் பார்ப்பது எப்படி?

கேள்வி

"எங்கள் மகளுக்கு ஐந்து வாரம் ஆகிறது. இன்னும் பெயர் வைக்கவில்லை, 'பாப்பா' என்றே ஓடிக்கொண்டிருக்கிறது. என் கணவர் 'எழிலி' என்று ஆசைப்பட்டார். மேகம் என்று பொருளாம், எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் நாத்தனார் கேட்ட உடனே 'எலியா?' என்று சிரித்துவிட்டார். இப்போது குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் 'எலிக்குட்டி' என்கிறார். அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நந்திதா பார்த்தேன், நந்தி என்பார்களே. ஆதிரை பார்த்தேன், குதிரை வருகிறதே. ராத்திரி பால் கொடுக்க எழுந்தால் ஒரு நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதுகை எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினாறு பெயரை அடித்தாகிவிட்டது. என்னைப் பள்ளியில் மூன்றாம் வகுப்பிலிருந்து பத்தாவது வரை, என் பெயரின் முதல் இரண்டு எழுத்தில் தொடங்கும் ஒரு பிராணியைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். கணக்கு வாத்தியாரும் அப்படித்தான் கூப்பிடுவார். என் மகளுக்கு அது வரக்கூடாது. கிண்டல் செய்யவே முடியாத பெயர் என்று ஒன்று உண்டா? எப்படிக் கண்டுபிடிப்பது?"

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

குழந்தைகள் மனநல ஆலோசகரின் பதில்

அன்புத் தோழிக்கு,

அப்படி ஒரு பெயர் கிடையாது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இன்றிரவாவது நோட்டை மூடிவைத்துவிட்டுக் குழந்தையோடு நீங்களும் தூங்கலாம்.

ஏன் கிடையாது என்றால், தமிழே இதற்கு ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. பணம் கிணம், மாடு கீடு என்கிறோம் அல்லவா? முதல் எழுத்து குறிலாக இருந்தால் 'கி', நெடிலாக இருந்தால் 'கீ'. அதைத் தூக்கிப் போட்டால் எந்தச் சொல்லுக்கும் ஒரு எதிரொலி தயார். எழிலி கிழிலி, ஆதிரை கீதிரை, நந்திதா கிந்திதா. நான்கு வயதுப் பிள்ளைக்கே இது தானாக வரும், யாரும் சொல்லித்தர வேண்டாம். அதற்கு மேல் நம் சொற்கள் பெரும்பாலும் உயிர் ஓசையில் முடிகின்றன, அதனால் கடைசி ஓசை பொருந்துகிற சொல்லுக்கும் பஞ்சமே இல்லை. "இந்தப் பெயருக்கு ஏதாவது எதுகை வருமா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பதினாறு இல்லை, நூற்றுப் பதினாறு பெயரையும் அடிக்க வேண்டியதுதான்.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பெயரிலிருந்து அந்தச் சொல்லுக்குப் போக எத்தனை தாவல் தேவை? போய்ச் சேருகிற சொல் எவ்வளவு கீழானது? அந்தச் சொல் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல்தானா? இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் உங்கள் நோட்டில் உள்ள பெயர்களில் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று உண்மையிலேயே போகும்.

பிள்ளைகள் பெயரை எங்கே பிடித்துத் திருகுவார்கள்

பெரியவர்கள் எதுகையை யோசிப்பது பேனாவும் காகிதமும் வைத்துக்கொண்டு. பிள்ளைகள் வாயால் யோசிப்பார்கள். அவர்கள் முதலில் செய்வது வெட்டுவதுதான். நீளமான பெயரை முதல் இரண்டு எழுத்தோடு நிறுத்திவிடுவார்கள். இதில் கிண்டல் நோக்கமே இருக்காது, கூப்பிடச் சுலபம், அவ்வளவுதான். ஆனால் வெட்டிய துண்டுக்கே ஒரு பொருள் இருந்துவிட்டால் அது அப்படியே ஒட்டிக்கொள்ளும். பன்னீர் என்ற அழகான பெயர் பேச்சுத் தமிழில் எங்கே வெட்டுப்படும் என்று சொல்லிப் பாருங்கள். சின்னக் குழந்தைகளுக்கு இன்னொரு வழக்கம் முதல் எழுத்தை இரட்டிப்பது. சுசித்ராவும் சுசீலாவும் இப்படித்தான் 'சுசு' ஆகிறார்கள். வீட்டில் கொஞ்சலாகத் தொடங்கும் அது, ஒன்றாம் வகுப்பில் கழிப்பறைச் சொல்லாகக் காதில் விழும்.

அடுத்தது தலை மாற்றுவது. முதல் எழுத்தைத் தள்ளிவிட்டு இரண்டாம் எழுத்திலிருந்து அப்படியே வைத்துக்கொண்டு வேறு தலை பொருத்துவார்கள். நீங்கள் நோட்டில் செய்துகொண்டிருப்பது இதை மட்டும்தான்.

மூன்றாவதைப் பெற்றோர் அநேகமாகக் கவனிப்பதே இல்லை. எழுத்தில் தெளிவாக வேறுபடுகிற ஓசைகள் வாயில் ஒன்றாகிவிடும். ழ, ள, ல மூன்றும் பல வாய்களில் ஒன்றுதான். ழகரம் குழந்தைகளுக்குக் கடைசியாக வரும் ஒலிகளில் ஒன்று, பலருக்கு ஐந்து ஆறு வயது வரை தடுமாற்றம் இருக்கும், சில பெரியவர்களுக்குக் கடைசி வரை வராது. அதோடு பெயர் ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டால் குறில் நெடில் வித்தியாசமும் போய்விடும்.

என்னிடம் வந்த ஒரு பையனின் கதை இது, அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். பெயர் கலைவாணன். நான்காம் வகுப்பு. வகுப்பாசிரியை விடுப்பில் போன ஒரு நாள், வேறொரு ஆசிரியை வந்து வருகைப் பதிவேட்டை எடுத்தார். பெயர்கள் ஆங்கில எழுத்தில். அவர் வேகமாக வாசித்துக்கொண்டே வந்து "காளைவாணன்" என்றார். ஆங்கில எழுத்தில் கலைக்கும் காளைக்கும் அதே ஐந்து எழுத்துதானே. ஒரு நொடி அமைதி, அப்புறம் வகுப்பே சிரித்தது. பையன் "பிரசென்ட் மிஸ்" என்று வேறு சொல்லிவிட்டான். மதிய இடைவேளைக்குள் அவன் 'காளை'. இரண்டு வருடம். அவன் பெற்றோர் எதுகை எல்லாம் பார்த்தவர்களாகக்கூட இருக்கலாம், வருகைப் பதிவேட்டைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

அதனால் எந்தப் பெயரை எடுத்தாலும், ஆங்கில எழுத்தில் எழுதி, அந்தப் பெயரைக் கேள்விப்படாத ஒருவரிடம் நீட்டி வாசிக்கச் சொல்லுங்கள். முதல் தடவை அவர் வாயிலிருந்து என்ன வருகிறதோ அதுதான் ஒவ்வொரு புது வகுப்பின் முதல் நாளிலும் வரப்போவது. தவறாக வந்தால் உடனே பெயரைக் கைவிட வேண்டாம், எழுத்துக்கூட்டலை மாற்றிப் பார்க்கலாம். 'வா'வுக்கு ஒரு 'ஏ' கூடுதலாகப் போட்டு, கலையில் வரும் ஒற்றை 'ஏ' குறில்தான் என்று காட்டியிருந்தால் காளையைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருக்கலாம்.

அப்புறம் இனிஷியல். அதைப் பெயரிலிருந்து தனியாகப் பார்க்காதீர்கள், பதிவேட்டில் அது பெயரோடு சேர்த்தே வாசிக்கப்படும். 'கே' இனிஷியல் உள்ள வீட்டில் 'டி'யில் தொடங்கும் பெயர் வைத்தால், இரண்டு முதலெழுத்தும் சேர்ந்து 'கேடி'. 'பி' இனிஷியலைச் சற்று நீட்டிச் சொன்னால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. உங்கள் இனிஷியல் என்ன என்று நீங்கள் எழுதவில்லை, நீங்களே சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்.

குழந்தை படிக்கப்போகும் பள்ளியில், விளையாடப்போகும் தெருவில் வேறு என்ன மொழிகள் பேசுவார்கள் என்பதும் கணக்கில் வரும். தமிழில் 'பூ'வைவிட மென்மையான தொடக்கம் ஒரு பெண் பெயருக்கு அமையாது. ஆனால் ஆங்கிலத்தில் விளையாடும் பிள்ளைகளுக்கு அதே ஓசை மலத்தைக் குறிக்கும் சொல். பூவிழி, பூங்கொடி, பூர்ணா எல்லாருக்கும் இது பொருந்தும். முதல் எழுத்திலேயே, ஒரே தாவலில், மிகக் கீழான சொல். அதற்காக அந்தப் பெயர்களை வைக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். தமிழிலேயே விளையாடும் பிள்ளைகள் நடுவே அதற்கு ஒரு ஆபத்தும் இல்லை. எங்கே வளரப்போகிறாள் என்று பார்த்து முடிவுசெய்ய வேண்டிய பெயர்கள் அவை.

உங்கள் மூன்று பெயர்களையும் போட்டுப் பார்ப்போம்

எழிலியை முதலில் எடுக்கிறேன். இதில் உங்கள் நாத்தனார் சொன்னது சரிதான், அவர் மேல் கோபப்பட வேண்டாம். ழகரம் லகரமானால் எலிலி. அதன் முதல் இரண்டு எழுத்து எலி. மற்ற பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டியதுகூட இல்லை, மூன்று நான்கு வயதில் "உன் பேரு என்ன?" என்று யாராவது கேட்டால் அநேகமாக அவளே "எலிலி" என்பாள். சுருக்கமாக எழில் என்று கூப்பிடலாம் என்றால் அங்கேயும் அதே 'எலி' முன்னால் நிற்கிறது. ஆங்கில எழுத்தில் ழகரத்துக்குப் போடுகிற இசட்-எச் கூட்டணியை, தமிழ் தெரியாதவர் 'எஸிலி' என்றோ 'எஜிலி' என்றோ வாசிப்பார். ஆக ஒரே தாவல், அதுவும் யாரும் முயற்சி செய்யாமலேயே.

ஆனால் போய்ச் சேர்ந்த சொல் என்ன? எலி. அசிங்கமான சொல் இல்லை, உடம்பைக் குறிப்பதில்லை, பிறப்பைக் குறிப்பதில்லை. கதைப் புத்தகத்தில் எலி பெரும்பாலும் கெட்டிக்காரப் பாத்திரம். குழந்தை வகுப்பிலேயே மிகச் சின்ன உருவமாக இருந்தால் கொஞ்சம் குத்தும், மற்றபடி இது மிதமான கிண்டல். எழிலி என்று வைத்தால் எலி நிச்சயம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காதில் வாங்கிக்கொண்டு வாழ உங்களால் முடியுமா என்பதுதான் கேள்வி.

நந்திதா வேறு மாதிரி. இங்கே ஓசையைத் திருகவே வேண்டாம், கடைசி எழுத்து உதிர்ந்தால் போதும். ஆசிரியர் கூப்பிட்டாலும் நந்தி, தோழி கூப்பிட்டாலும் நந்தி, பாசமாகவே கூப்பிட்டாலும் நந்தி. தமிழில் "நந்தி மாதிரி வழியை மறைச்சுக்கிட்டு நிக்காதே" என்று ஒரு வழக்கு வேறு இருக்கிறது, அது எல்லா வீட்டிலும் புழங்குகிறது. வாசலில் நின்றாலும் திட்டு, கரும்பலகைக்கு முன்னால் நின்றாலும் திட்டு. ஆனால் இந்தப் பெயருக்கு ஒரு தற்காப்பு இருக்கிறது. நந்து என்று இன்னொரு சுருக்கம் தயாராக இருக்கிறது, சொல்லவும் இனிமை. பெயரைச் சுருக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். அந்த இடத்தை நீங்களே முதலில் நிரப்பிவிட்டால், பள்ளியின் முதல் நாளிலிருந்து "இவளை நந்துன்னு கூப்பிடுவோம்" என்று சொல்லிவிட்டால், நந்திக்கு வாய்ப்பு குறையும். முற்றிலும் போகாது, குறையும்.

ஆதிரைக்கு வருவோம். "ஆதிரை குதிரை." கேட்டால் எனக்கே பாடத் தோன்றுகிறது. யாப்பிலக்கணம் படித்தவர்கள், 'ஆ' நெடில், 'கு' குறில், முதல் எழுத்தின் அளவு ஒக்கவில்லை, ஆகவே இது முறையான எதுகை ஆகாது என்பார்கள். பிள்ளைகள் அந்தத் தேர்வு எழுதுவதில்லை. ஓசை பொருந்துகிறது, தாளமும் பொருந்துகிறது, ஒரு மழலையர் வகுப்பு முழுக்க இதைப் பாடிக்கொண்டு ஓடும். ஆனாலும் நீங்கள் இதை அடித்தது அவசரம் என்றுதான் நினைக்கிறேன். ஜோடியாகப் பாடும் கிண்டலுக்கும் பெயருக்குப் பதிலாக உட்காரும் கிண்டலுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. 'ஆதிரை குதிரை' என்று பாடும்போது அவள் பெயர் அப்படியே உள்ளே இருக்கிறது. பாட்டு சலித்துப்போகும், பெயர் நிற்கும். 'எலி'யும் 'நந்தி'யும் அப்படியில்லை, பெயரையே தூக்கிவிட்டு அதன் நாற்காலியில் உட்காரும். அதோடு குதிரை ஓடும், குதிக்கும், பிள்ளைகளுக்குப் பிடித்த பிராணி. ஆறு வயதுக்காரிகளில் பாதிப் பேர் "ஆமா, நான் குதிரைதான்" என்று ஒரு ஓட்டம் ஓடிக் காட்டுவார்கள்.

ஆதிரைக்கு உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது, அதை நீங்கள் எழுதவே இல்லை. அதன் சுருக்கம் ஆதி. ஆதிக்கு எதுகை தேடுங்கள். பாதி, மீதி, வீதி. இவற்றால் தொல்லை இல்லை. அப்புறம் பேதி. இங்கே இரண்டும் நெடில், எதுகை கச்சிதம். முழுப் பெயருக்குக் கிடைத்த சொல்லைவிடச் சுருக்கத்துக்குக் கிடைத்த சொல் பல படி கீழே. பெரும்பாலான பெற்றோர் கோட்டைவிடும் இடம் இதுதான். முழுப் பெயரைச் சல்லடை போட்டுச் சலித்துவிட்டு, தினமும் கூப்பிடப்போகும் சுருக்கத்தைப் பார்க்காமல் விட்டுவிடுவார்கள்.

சரி, அப்படியானால் ஆதிரையும் போச்சா? இல்லை. இங்கேதான் என் மூன்றாவது கேள்வி உதவும். பேதி என்ற சொல் இன்றைய ஏழு வயதுப் பிள்ளைகளுக்குத் தெரியுமா? உங்களுக்கும் எனக்கும் தெரியும். 'லூஸ் மோஷன்' என்று கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு அநேகமாகத் தெரியாது. தெரியாத சொல்லால் யாரும் கிண்டல் செய்ய முடியாது. உங்கள் நோட்டில் இருப்பது உங்கள் தலைமுறையின் சொற்கள் என்பதையும் மறக்காதீர்கள். பாட்டி பயப்படுகிற சொல் பாதி செத்துப்போயிருக்கும். அதேபோல விளையாட்டுச் செயலியிலிருந்தும் கார்ட்டூனிலிருந்தும் வந்த எத்தனையோ சொற்கள் நம் காதுக்கே எட்டியிருக்காது. நாம் உட்கார்ந்து யோசித்தால் இவை பிடிபடாது.

ஆகவே பிள்ளைகளிடமே கேளுங்கள்

ஏழிலிருந்து பதினொரு வயது வரை உள்ள நான்கைந்து பிள்ளைகள் சொந்தத்திலோ அக்கம்பக்கத்திலோ இருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்த்துக் கேட்டால் முதல் பிள்ளை சொன்னதையே மற்றவர்களும் பிடித்துக்கொள்வார்கள், பரிசோதனை கெட்டுவிடும். தங்கச்சிப் பாப்பாவுக்குப் பெயர் தேடுகிறோம் என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள். சொன்னால், பெயர் வைப்பதற்கு முன்பே பட்டப்பெயர் ஊரெல்லாம் போய்விடும். "ஒரு கதை எழுதுறேன், அதுல ஒரு பொண்ணு வர்றா, பேரு ஆதிரை. அவ ஃப்ரெண்ட்ஸ் அவளை எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று தொடங்குங்கள். முதலில் வருவது சுருக்கம். அதைக் குறித்துக்கொண்டு, "கிளாஸ்ல ஒரு பையனுக்கு அவளைப் பிடிக்காது. அவன் எப்படிக் கூப்பிடுவான்?" என்று கேளுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு எத்தனை பேர் ஒரே சொல்லைச் சொல்கிறார்கள், எவ்வளவு வேகமாகச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஐந்தில் மூன்று பேர் யோசிக்காமலேயே ஒரே சொல்லைச் சொன்னால் அது ஒட்டப்போகும் சொல். ஆளுக்கொன்றாகச் சொன்னாலோ, கூரையைப் பார்த்து யோசித்தாலோ, பெயரை விட்டுவிட்டு "குண்டச்சின்னு கூப்பிடுவான்" என்கிற மாதிரி உருவத்துக்குத் தாவினாலோ, அந்தப் பெயரில் பிடி இல்லை என்று பொருள். இந்த ஐந்துக்கு மூன்று என்பது ஆராய்ச்சி முடிவு இல்லை, பல வருடம் பிள்ளைகளோடு பேசியதில் எனக்குக் கைவந்த கணக்கு.

மூன்று பெயருக்கும் இதைச் செய்து முடிக்க ஒரு சனி, ஞாயிறு போதும். நோட்டில் இன்னும் மூன்று வாரம் எழுதினாலும் இந்த விடை கிடைக்காது.

பெயரால் முடிந்ததும் முடியாததும்

பிள்ளை உருவத்துக்குத் தாவும் என்று மேலே சொன்னேனே, அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு பிள்ளையைச் சீண்ட வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் பிடிக்க ஏதாவது ஒரு பிடியைத் தேடுவார்கள். பெயர் அவற்றில் ஒன்று. பெயர் வழுக்கினால் கண்ணாடி, பல், நடை, நிறம். அருண் என்ற பெயரில் திருக என்ன இருக்கிறது? ஆனால் 'சோடாபுட்டி'யாக ஐந்து வருடம் கழித்த அருணை நான் பார்த்திருக்கிறேன். பெயரைச் சரிபார்ப்பது ஒரு பிடியை எடுத்துவிடும். கையை எடுக்காது.

உங்கள் பள்ளி நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு அதிகம் உறுத்தியது அந்தக் கணக்கு வாத்தியார். பிள்ளைகள் கண்டுபிடிக்கும் பட்டப்பெயர்களில் பல ஒரு பருவம்கூடத் தாங்காது. உங்களுடையது பத்தாவது வரை நின்றது என்றால், எதுகை நன்றாக இருந்ததால் நிற்கவில்லை. அதற்கு மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து முத்திரை குத்தப்பட்டது. நிறுத்த வேண்டியவரே அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வகுப்பு எப்படி நிறுத்தும்? உங்கள் பெயர் மேல் நீங்கள் போட்டுக்கொண்டிருக்கும் பழியில் பெரும்பகுதி அவருக்குச் சேர வேண்டியது.

பின்னால் பள்ளிக்குப் போகும்போது கவனிக்க வேண்டியது இதுதான். பள்ளிகளில் நடக்கும் கொடுமைப்படுத்தலை 1970-களிலிருந்து ஆராய்ந்த டான் ஓல்வேயஸ், விளையாட்டுச் சீண்டலையும் கொடுமையையும் பிரிக்க மூன்று அடையாளம் சொன்னார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்ப நடப்பது, இரு தரப்புக்கும் சமபலம் இல்லாதது. அவளும் பதிலுக்கு ஒன்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடுகிறாள் என்றால் அது விளையாட்டு. புதியவர்களிடம் பெயர் சொல்லத் தயங்குகிறாள், நோட்டு அட்டையில் பெயரைக் கிறுக்கி அழிக்கிறாள், வருகைப் பதிவு எடுக்கும் முதல் வகுப்பைத் தவிர்க்கத் தாமதமாகப் போகப் பார்க்கிறாள் என்றால் அது வேறு. அப்போது "கண்டுக்காம விடு" என்று அவளிடம் சொல்லி முடித்துவிடாதீர்கள். எந்தச் சொல், யார், எந்த நேரத்தில் என்று எழுதிக்கொண்டு வகுப்பாசிரியரைப் பாருங்கள். "எல்லாரும் கிண்டல் பண்றாங்க" என்று பொதுவாகச் சொன்னால் தலையை ஆட்டி அனுப்பிவிடுவார்கள்.

பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்று கணவர் சொல்லக்கூடும். மாற்றலாம், பெரும்பாலான இடங்களில் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் பள்ளிப் பதிவிலும் சான்றிதழ்களிலும் ஏறிய பிறகு ஒவ்வொன்றாகத் திருத்துவது அலைச்சல், வகுப்புத் தோழர்கள் வாயில் திருத்தவே முடியாது. பெற்றோர் வைத்த பெயரில் நீதிமன்றமே தலையிட்ட நிகழ்வும் உண்டு. 2008-இல் நியூசிலாந்தில், ஒரு நடனத்தைச் சொல்லும் முழு வாக்கியத்தையே பெயராக வைத்திருந்த ஒன்பது வயதுச் சிறுமியின் பெயரை மாற்றுவதற்காக, நீதிமன்றம் அவளைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. கிண்டலுக்குப் பயந்து அவள் நெருங்கிய தோழிகளிடம்கூடப் பெயரைச் சொல்லாமல், ஒரே ஒரு ஆங்கில எழுத்தைச் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தாள். எழிலியும் ஆதிரையும் அந்தப் பக்கமே போகாத பெயர்கள். அதைப் படித்தாவது உங்கள் பயம் கொஞ்சம் குறையட்டும்.

என்னைக் கேட்டால் ஆதிரை. மூன்றே எழுத்து என்பதால் பலர் சுருக்காமல் முழுதாகவே கூப்பிடுவார்கள், ஆதியும் பேதியும் சந்திக்கும் வாய்ப்பு அதனாலேயே குறைகிறது. ழகரம் இல்லை, அவளே இரண்டரை வயதில் ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிடுவாள், 'ஆதிய' என்று வந்தாலும் கெட்ட பொருள் இல்லை. வானத்து நட்சத்திரத்தின் பெயர் என்பதால் மேகத்தைக் கேட்ட கணவருக்கும் பெரிய மனத்தாங்கல் இருக்காது என்று நினைக்கிறேன். அவருக்கு எழிலிதான் வேண்டும் என்றால் அதுவும் தாராளமாக வைக்கக்கூடிய பெயர்தான், ஆனால் எலி வரும் என்று தெரிந்தே வையுங்கள். அப்படி வைத்தால் மேகக் கதையை அவளுக்கு மூன்று வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். "எலியா?" என்று கேட்பவர்களிடம் "இல்ல, மேகம்" என்று சொல்ல அவளிடம் ஒரு பதில் இருக்கும்.

எந்தப் பெயர் வைத்தாலும், வைப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பள்ளியில் ஒட்டிக்கொள்ளும் பட்டப்பெயர்களில் கணிசமானவை வீட்டிலிருந்தே போகின்றன. பள்ளி வாசலில் குழந்தையை அழைக்க வந்த அத்தை ஒருமுறை "எலிக்குட்டி!" என்று கூப்பிட்டால் போதும், பெயர் ஆதிரையாக இருந்தாலும் மறுநாள் வகுப்பு முழுக்க எலிதான். உங்கள் நாத்தனார் அதைப் பாசத்தில் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஐந்து வாரக் குழந்தைக்கு அது புரியப் போவதும் இல்லை. ஆனால் ஒரு வருடம் கழித்து வீடே அப்படிக் கூப்பிடும்போது அதை நிறுத்துவது சிரமம். இந்த வாரமே, கணவரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அக்காவிடமோ தங்கையிடமோ அவர் சொன்னால் சண்டையாகாது. கூடவே, கூப்பிட வேறொரு செல்லப் பெயரையும் நாத்தனார் கையில் கொடுத்துவிடுங்கள்.